கரையொதுங்கிய பாசி: நிறத்தை நம்பிப் பெயர் சொல்லாதீர்கள்

மண்டபம், பாம்பன் பக்கம் பலமாகக் காற்றடித்து ஓய்ந்தால் கரையோரம் பாசி குவிந்து கிடக்கும். பச்சை, பழுப்பு, சிவப்பு என்று கடற்பாசியில் மூன்று பெரும் பிரிவு உண்டு என்று படித்தவர்கள் நிறத்தைப் பார்த்ததும் பிரிவைச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் நேர்கிறது.

சிவப்புப் பாசிக்குள்ளும் பச்சையம் இருக்கிறது. அதை மறைத்து நிற்கும் சிவப்பு நிறமி நீரில் கரைவது. பாசி செத்து, வெயிலும் மழையும் பட்டால் முதலில் போவது அதுதான். அப்புறம் பச்சை தெரியும், பிறகு மஞ்சளாகும், கடைசியில் வெளுத்துவிடும்.

கஞ்சிப்பாசியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிராசிலேரியா என்ற சிவப்புப் பாசி இது. கரையில் சில நாள் கிடந்தால் மஞ்சள்பச்சை நூல்கொத்தாகிவிடும். பச்சைப் பாசி என்றே தோன்றும். குவியலைப் புரட்டி, வெயில் படாத அடிப்பகுதியைப் பாருங்கள். செம்பழுப்பு மிச்சம் இருக்கலாம். பிறகு ஒரு துண்டை விரலால் நசுக்குங்கள். கஞ்சிப்பாசியின் தண்டு உருண்டையாக, உள்ளே நிறைந்திருக்கும். கவை கவையாகப் பிரிந்து போகும். குழல் வடிவப் பச்சைப் பாசியான உல்வாவோ உள்ளே வெற்றிடம். அழுத்தினால் தட்டையாகிவிடும், கிளையும் அவ்வளவாக இருக்காது. இந்த ஒரு சோதனையே பல நேரம் போதும்.

கட்டக்கோரை எனப்படும் சர்காசம் என்ற பழுப்புப் பாசியில் உள்ள சின்ன உருண்டைகளைக் காய் என்று எண்ணுகிறார்கள். அவை காற்றுப்பைகள், செடியை நீரில் நிமிர்த்தி வைப்பவை. பக்கோடா பாசி இதன் உறவுதான். ஆனால் அதன் இலைகள் தட்டையாக இல்லாமல், மேலே விரிந்து, விளிம்பில் பல் வைத்தவை.

பாறையைப் பிடித்திருந்த அடிப்பகுதியைத் தேடாமல் விடுவது இன்னொரு தவறு. கட்டக்கோரைக்கு அது கெட்டியான வட்டு. ஜெலிடியெல்லா என்ற சிவப்புப் பாசியான மரிக்கொழுந்துப் பாசிக்கோ படர்ந்து ஓடும் தண்டும், அதிலிருந்து கல்லைப் பிடிக்கும் மெல்லிய இழைகளும். பவளக்கல் துணுக்கு ஒட்டியிருந்தால் பிய்த்தெறியாதீர்கள், அது நல்ல சான்று. அதே நேரம், அடிப்பகுதி இல்லை என்பதால் எதையும் முடிவு கட்டவும் கூடாது; அலையில் அறுந்து வருபவை பெரும்பாலும் தண்டோடு மட்டுமே வரும். கணுக்கணுவாக நீண்ட தண்டு, அதிலிருந்து உண்மையான வேர், நாடா போன்ற இலை இருந்தால் அது பாசியே அல்ல, கடற்புல்.

ஒரு கொத்தை ஒரே செடி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹிப்னியா என்ற சிவப்புப் பாசியின் நுனி கொக்கிபோல் வளைந்து கட்டக்கோரைத் தண்டைச் சுற்றிக்கொள்ளும். வெளுத்துப்போன அந்த இழைகளைக் கட்டக்கோரையின் கிளை என்று குறித்துவைப்பவர்கள் உண்டு. ஒரு தட்டில் கடல்நீர் ஊற்றி, கொத்தை மிதக்கவிட்டு, இழை இழையாகப் பிரித்துப் பாருங்கள். தண்டிலிருந்து முளைத்தது இழுத்தால் கிழியும்; சுற்றிக்கொண்டது சுருள் அவிழ்ந்து தனியே வந்துவிடும்.