தொடர்ந்து சறுக்கும் ஊழியரிடம் பேசுவது, எழுதிக் கொடுப்பது, பின்தொடர்வது: ஆலை உதாரணத்தோடு

மன்னார்குடி பக்கத்து அரிசி ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். குறுவை வரத்து நேரம். ஈரப்பதம் பார்க்கும் தம்பி 17 என்று எழுதிய நெல், இறக்கிப் பார்த்தால் 19 இருக்கிறது. இரண்டு முறை சொல்லியும் மாறவில்லை.

1. முதலில் கணக்கு. பத்து நாள், தினமும் இரண்டு லோடை இறக்கும்போது நீங்களே மறுபடி பாருங்கள். அதற்கு முன், ஒரே நெல்லை ஒரே மீட்டரில் இருவரும் பாருங்கள். அளவு ஒத்துப்போகாவிட்டால் கோளாறு மீட்டரிலோ, அதைப் பிடிக்கும் விதத்திலோ இருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டுத் தொடங்குங்கள். "கவனமில்லை" என்பது உங்கள் அபிப்பிராயம். "20 லோடில் 7ல் ஒன்றரைக்கு மேல் வித்தியாசம்" என்பதை அவர் மறுக்க முடியாது.

2. தனியாகப் பேசுங்கள். லோடுமேன்கள் முன்னாலும் வேண்டாம், வாட்ஸ்அப் குரூப்பிலும் வேண்டவே வேண்டாம். கடைசி லாரி போனபிறகு நோட்டைத் திறந்து வையுங்கள். "தம்பி, இந்த ஏழுல என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அமைதியை நீங்களே உடைத்தால் காரணம் வெளியே வராது.

"டிரைவர் அவசரப்படுத்துறாருண்ணே, மேல் மூட்டையிலதான் குத்த முடியுது" என்கிறார். மேல் மூட்டை வெயிலில் காய்ந்திருக்கும்; ஈரம் அடியில் தங்கும். ஆக, தப்பில் பாதி ஆலையின் ஏற்பாட்டில் இருக்கிறது.

3. எழுதிக் கொடுங்கள். பலர் இடறுவது இங்கேதான். "இனி ஒழுங்காகப் பார்க்கவும்" என்று எழுதினால், ஒரு மாதம் கழித்து எது ஒழுங்கு என்று சண்டைதான் வரும். இப்படி எழுதுங்கள்:

"லோடுக்கு 10 மூட்டை, மேல், நடு, அடி என மூன்று அடுக்கிலும் குத்தூசியால் எடுக்க வேண்டும். கலந்து மூன்று முறை பார்த்து, சராசரியை அப்போதே நோட்டில் எழுத வேண்டும். மறுபரிசோதனையில் வித்தியாசம் 1க்குள் இருக்க வேண்டும். இறக்கி முடியும்வரை டிரைவரைக் காத்திருக்க வைப்பது மேனேஜர் பொறுப்பு."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். உங்கள் பங்கும் தாளில் இருந்தால்தான் அவர் மனசாரக் கையெழுத்துப் போடுவார். தேதி போட்டு ஆளுக்கொரு நகல். தாளுக்கு "மெமோ" என்று தலைப்பு வைக்காதீர்கள். வேலை போகப்போகிறது என்றே அவர் நினைப்பார்.

4. நான்கு வாரம். வாரம் ஒரு நாள், பதினைந்து நிமிடம், அதே நோட்டு. சொல்லாமல் ஐந்து லோடை மறுபடி பாருங்கள். முதல் வாரம் இரண்டு தவறினால் பரவாயில்லை, குறைகிறதா என்று பாருங்கள். வரத்து அதிகம் என்று ஒரு வாரச் சந்திப்பைத் தள்ளினால், தாளுக்கு மதிப்பில்லை என்று அவர் புரிந்துகொள்வார்.

பின்சேர்க்கை: இரண்டாம் வாரம் சரியாகி நான்காம் வாரம் மறுபடி சறுக்கினால் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். அப்படியானால் அவருக்கு வேலை தெரியும். அந்த வாரம் டிரைவர் காத்திருந்தாரா என்று முதலில் பாருங்கள். காத்திருந்தும் தவறினால், தாளைக் காட்டி எடைமேடைக்கோ மூட்டைக் கணக்குக்கோ மாற்றுங்கள்.