ஹிரகனா எழுதப் பழக: க வரிசையை ஒரே நாளில் பிடிப்பது எப்படி

எங்கள் எதிர் வீட்டுப் பெண் நர்சிங் முடித்தவள். ஜப்பானுக்கு வேலைக்குப் போக மொழி படிக்கிறாள். "அக்கா, நாற்பத்தாறு எழுத்தையும் பத்து பத்து தடவை எழுதிட்டேன், மறுநாள் காலையில ஒண்ணுமே ஞாபகம் இல்ல" என்று நோட்டோடு வந்து நின்றாள். காட்பாடியில் எங்கள் மொட்டை மாடியில் வெயில் தாழ்ந்த பிறகு அவளோடு உட்கார்ந்து முதலில் இருந்து தொடங்கிய முறைதான் இது.

முதல் படி, வரிசையைப் புரிந்துகொள்வது. ஜப்பானிய மொழி படிப்பவர்கள் முதலில் கற்கும் எழுத்துமுறையான ஹிரகனாவில் உயிர்கள் ஐந்து: あ い う え お. ஒலி அ, இ, உ, எ, ஒ. அடுத்து か さ た な は ま や ら わ என்று வரிசைகள். நம் க ச த ந ப ம ய ர வ அப்படியே வருகிறது பாருங்கள். ப இருக்க வேண்டிய இடத்தில் இன்று ஹ ஒலிக்கிறது. பழைய ஜப்பானியத்தில் அங்கே ப ஒலிதான் இருந்தது. புத்த பிக்குகள் படித்த சமஸ்கிருத எழுத்துமுறையில் இருந்து போன வரிசை இது. அதனால் தமிழ் படித்தவர்கள் வரிசையைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நமக்கு க, கி, கு எல்லாவற்றிலும் க தெரியும். か き く け こ ஐந்துக்கும் உருவத்தில் உறவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி ஞாபகக் குறி வேண்டும். அந்தக் குறி அதே ஒலியில் தொடங்கும் தமிழ்ச் சொல்லாக இருக்கட்டும். நாங்கள் வைத்துக்கொண்டவை இவை.

か: கத்தி. வெட்டும்போது வலது பக்கம் ஒரு சின்னத் துண்டு தெறிக்கிறது. அந்தத் துண்டை விட்டுவிட்டால் அது ஜப்பானியத்தின் இன்னொரு எழுத்துமுறையான கதகனாவின் カ ஆகிவிடும்.
き: கிளை. ஒரு மரம், இரண்டு கிளை.
く: குருவி. வலப்பக்கம் திறந்த அலகு.
け: கேணி. இடப்பக்கம் கம்பம், வலப்பக்கம் குறுக்குக் கட்டையும் அதில் இறங்கும் கயிறும்.
こ: கோடு. மேலே ஒன்று, கீழே ஒன்று.

இனி எழுதுவது. கட்டம் போட்ட கணக்கு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு கட்டம் சேர்ந்து ஓர் எழுத்துக்கு. நடுவில் கோடுகள் வெட்டிக்கொள்வதால் எழுத்தின் எந்தப் பாகம் எங்கே உட்கார வேண்டும் என்று தெரியும். く-வின் முனை இடப்பக்கம் நடுவில் வர வேண்டும். こ-வின் இரண்டு கோடும் ஒட்டக் கூடாது. か-வுக்கு மூன்று இழுப்பு: மேல் கோடு வலப்பக்கம் மடங்கிக் கீழே கொக்கியாக முடியும், பிறகு இடப்பக்கச் சாய்வு, கடைசியில் தெறித்த துண்டு. திரையில் き-யின் அடிப்பகுதி மரத்தோடு ஒட்டித் தெரிவது உண்டு. கையால் எழுதும்போது அதைப் பிரித்து நான்கு இழுப்பாக எழுதுவதே வழக்கம்.

மாதிரியைப் பார்த்து மூன்று தடவை எழுதினால் போதும். அதற்கு மேல் எழுதினால் கைதான் ஓடும், மனம் வேறெங்கோ இருக்கும். அவள் பத்துப் பத்தாக எழுதியும் நிற்காததற்குக் காரணம் அதுதான். நோட்டை மூடிவிட்டு ஒலியை மட்டும் சொல்லி, கலைத்துப் போட்ட வரிசையில் எழுதுங்கள்: கெ, க, கொ, கி, கு. பத்து நிமிடம் கழித்து ஒரு தடவை, படுக்கப் போகும் முன் ஒரு தடவை, காலையில் எழுந்ததும் ஒரு தடவை. தவறியதை மட்டும் மறுபடி மூன்று முறை.

ஓர் எச்சரிக்கை. எழுத்துக்குப் பக்கத்தில் தமிழில் ஒலியை எழுதி வைக்காதீர்கள். あか என்றால் சிவப்பு. பக்கத்தில் 'அக' என்று எழுதினால் நம் நாக்கு 'அகம்' சொல்வது போல மெலிதாகத்தான் சொல்லும். அங்கே வர வேண்டியது 'கல்' என்பதில் வரும் வல்லின க. மெல்லிய ஒலிக்கு அவர்களிடம் தனி அடையாளம் உண்டு, மேலே இரண்டு சின்னக் கோடு. かき என்றால் சீமைப் பனிச்சை என்கிற பழம், かぎ என்றால் சாவி.

அடுத்த நாள் சொற்களுக்குப் போகலாம். உயிரும் க வரிசையும் மட்டும் தெரிந்தாலே えき (ரயில் நிலையம்), いけ (குளம்), こえ (குரல்), かお (முகம்) படித்துவிடலாம். படிக்கும்போது கத்தி, கேணி எல்லாம் மனதில் வந்து போவது முதல் வாரத்தில் இயல்பு. இரண்டாம் வாரமும் கேணியை நினைத்த பிறகுதான் கெ வருகிறது என்றால், தனி எழுத்துப் பயிற்சியைக் குறைத்துச் சொற்களை அதிகமாகப் படியுங்கள்.

மூன்றாம் நாள் ச வரிசை. அங்கே சி என்பது ஷி ஆகும், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். அவள் இடறியது さ-வில். கி சொன்னால் さ எழுதினாள், ச சொன்னால் き. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வைத்தேன். இரண்டு கிளை இருந்தால் கி. ஒரு கிளை சரிந்து விழுந்துவிட்டால் ச. அன்று இரவு இருபது தடவை மாற்றி மாற்றிக் கேட்டேன், ஒன்றுதான் தவறியது.