நான்கு நோய்களையும் எடையால் பிரியுங்கள்

தைராய்டு, அட்ரீனல் நோய்களை ஒப்பிடும் அட்டவணையில் முதல் பத்தியாக ‘எடை’யைப் போடுங்கள். எடை கூடினால் ஹைப்போதைராய்டு அல்லது கார்டிசால் மிகை. குறைந்தால் ஹைப்பர்தைராய்டு அல்லது அட்ரீனல் குறைபாடு. சோர்வு பலவற்றிலும் வருவதால் அதை வைத்துப் பிரிக்க முடியாது.

அப்புறம் ஜோடிக்குள் ஒரே கேள்வி. எடை குறைந்தவருக்குப் பசி எப்படி? நன்றாகப் பசித்து, TSH குறைந்து T4 கூடியிருந்தால் ஹைப்பர்தைராய்டு. பசியே இல்லாமல், சோடியம் 128, பொட்டாசியம் 5.8 என்றிருந்தால் அட்ரீனல் குறைபாடு. எடை கூடியவரிடம் TSH உயர்ந்து T4 குறைந்திருந்தால் ஹைப்போதைராய்டு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறியிருந்தால் கார்டிசால் மிகை.

கோளாறு பிட்யூட்டரியில் இருந்தால் இது அப்படியே பொருந்தாது. பொட்டாசியத்தை வெளியேற்றும் ஆல்டோஸ்டிரோனை முக்கியமாக ரெனின்தான் இயக்குகிறது. அதனால் ACTH குறைந்தாலும் பொட்டாசியம் இயல்பாகவே இருக்கும். ACTH ஏறாததால் தோலும் கறுக்காது. அதேபோல T4 குறைந்தும் TSH ஏறாது.