பிடிஎஃப் பக்கத்தில் பாதி காணவில்லையா? கிளிப்பிங் பாதையில் நேரும் தவறுகள்

சொந்தமாக பிடிஎஃப் எழுதும் நிரல் ஒன்றை உருவாக்கியவர்களுக்கு இந்தச் சிக்கல் பழகியிருக்கும். முதல் படம் சரியாக வருகிறது. இரண்டாவது படம் இல்லை. அதற்குக் கீழே இருக்க வேண்டிய எழுத்துகளும் இல்லை. வியூவர் பிழைச் செய்தி எதுவும் காட்டுவதில்லை. கோப்பில் பிழை இருந்தால்தானே காட்டும்? எழுதியவர் கேட்டதைத்தான் அது வரைந்திருக்கிறது. குற்றவாளி பெரும்பாலும் `W` என்ற ஒற்றை எழுத்துக் கட்டளை.

பக்கத்தில் எந்தப் பகுதிக்குள் மட்டும் மை விழலாம் என்பதைச் சொல்லும் எல்லைக்கோடுதான் கிளிப்பிங் பாதை. நிறம், கோட்டின் தடிமன் போல இதுவும் கிராஃபிக்ஸ் நிலையின் ஓர் அங்கம். பக்கம் தொடங்கும்போது பக்கம் முழுவதும் அந்த எல்லைக்குள் அடங்கியிருக்கும். பிறகு ஒரு வடிவத்தை வரைந்து `W` கொடுத்தால் எல்லை சுருங்கும். கீழே இருப்பது படம் காணாமல் போகும் பக்கம்:

```
50 600 200 100 re W n
q 200 0 0 100 50 600 cm /Im1 Do Q
50 400 200 100 re W n
q 200 0 0 100 50 400 cm /Im2 Do Q
```

எழுதியவரின் எண்ணம் தெளிவு: முதல் செவ்வகத்துக்குள் முதல் படம், இரண்டாவது செவ்வகத்துக்குள் இரண்டாவது படம். ஆனால் `W` பழைய எல்லையை நீக்கிவிட்டுப் புதியதை வைப்பதில்லை. பழையதும் புதியதும் பொதுவாகக் கொண்டிருக்கும் பகுதியை மட்டுமே மிச்சம் வைக்கிறது. முதல் செவ்வகம் உயரத்தில் 600 முதல் 700 வரை; இரண்டாவது 400 முதல் 500 வரை. இரண்டுக்கும் பொதுவான இடம் என்று ஒன்றுமே இல்லை. ஆகவே மூன்றாவது வரியோடு கிளிப் வெறுமையாகிறது. அதற்குப் பின் பக்கத்தில் எதை வரைந்தாலும் ஒரு புள்ளிகூடத் தெரியாது.

கிளிப்பை விரிவாக்கும் கட்டளை பிடிஎஃப்பில் கிடையாது. பக்கத்தின் அளவுக்கு ஒரு பெரிய செவ்வகம் போட்டு `W n` கொடுத்தால் எல்லை பழைய நிலைக்கு வந்துவிடும் என்று நினைத்து முயல்பவர்கள் உண்டு. அது எதையும் மாற்றாது. ஒரே வழி, சுருக்குவதற்கு முன் `q` கொண்டு நிலையைச் சேமித்து, வேலை முடிந்ததும் `Q` கொண்டு மீட்பது. மேலே உள்ள பக்கத்திலும் `q` இருக்கிறது, ஆனால் `W`க்குப் பிறகு இருக்கிறது. அதனால் அது சேமிப்பதே சுருங்கிவிட்ட எல்லையைத்தான். ஒவ்வொரு `q`வையும் ஒரு வரி மேலே நகர்த்தினால் போதும்:

```
q
50 600 200 100 re W n
200 0 0 100 50 600 cm /Im1 Do
Q
```

கோளாறு கிளிப்பால்தானா என்று உறுதிசெய்ய எளிய வழி உண்டு. கோப்பைப் படிக்கத்தக்க வடிவில் விரித்துக்கொள்ளுங்கள்:

```
qpdf --qdf --object-streams=disable in.pdf out.pdf
```

`out.pdf`ஐ உரைத் தொகுப்பியில் திறந்து, சந்தேகத்துக்குரிய `W`வை மட்டும் ஓர் இடைவெளியாக மாற்றிச் சேமியுங்கள். பக்கத்தில் உள்ள பைட்டுகளின் எண்ணிக்கை மாறாததால் கோப்பு கெடாது. `n`ஐத் தொடாதீர்கள்; பாதையை முடித்துவைப்பது அதுதான். மறைந்திருந்தது இப்போது தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

அந்த `n` குறித்தும் சொல்ல வேண்டும், ஏனெனில் அடுத்த தவறு அதைச் சுற்றித்தான் நடக்கிறது. `W` வந்தவுடன் எல்லை சுருங்கிவிடுவதில்லை. "இந்தப் பாதையை முடிக்கும்போது கிளிப்பாகவும் வைத்துக்கொள்" என்ற குறிப்பு மட்டுமே அது. பாதையைத் தீட்டும் கட்டளை ஓடி முடிந்த பிறகே கிளிப் மாறும். வியூவர்களும் அப்படியே செயல்படுகின்றன: pdf.js நிரலில் `W` வந்ததும் `pendingClip` என்ற மாறியில் குறித்துவைத்து, பாதை முடியும் இடத்தில்தான் கேன்வாஸின் கிளிப்பை அமைக்கிறார்கள். எதையும் தீட்டாமல் பாதையை முடிக்கவே `n` இருக்கிறது.

இதை மறந்தால் என்ன ஆகும்? 10 அலகு தடிமனுள்ள கோட்டால் சட்டம் போட்டு, வெளியே நீளும் பாதித் தடிமனை வெட்ட நினைத்து `re W S` என்று எழுதுகிறார் ஒருவர். கோடு பாதையின் இருபுறமும் 5 அலகு பரவும். `S` ஓடும் நேரத்தில் புதிய எல்லை இன்னும் அமலுக்கு வராததால் வெளிப்புற 5 அலகும் முழுசாகத் தெரியும். `re W n` என்று முதலில் முடித்துவிட்டு, அதே செவ்வகத்தை மறுபடி `re S` என்று வரைந்தால்தான் உட்புற 5 அலகு மட்டும் நிற்கும்.

நடுவில் ஓட்டையுள்ள வடிவங்களில் வேறொரு சறுக்கல். பெரிய செவ்வகத்துக்குள் சிறிய செவ்வகம் வைத்து `W` கொடுத்தால், இரண்டும் ஒரே திசையில் சுற்றுவதால் ஓட்டை விழாது. `W*` கொடுத்தால் விழும். அவ்வளவுதான்.

வியூவர் தரப்பில் விளையும் தொல்லை ஒன்று உண்டு. நிரல் எழுதியவர் தேவையில்லாமல் தன்னையே நொந்துகொள்வார். ஒரு கருப்புப் பரப்பை அடுத்தடுத்த இரண்டு கிளிப்புகளாகப் பிரித்து வரைந்தால், சேரும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். பிடிஎஃப் விவரக்குறிப்பின்படி, வடிவம் சற்றே தொட்டாலும் அந்தப் பிக்சல் கிளிப்புக்குள் சேரும்; அப்படிச் செய்தால் இடைவெளி வரவே வராது. ஆனால் திரையில் விளிம்புகள் மழமழவென்று தெரிய வேண்டும் என்பதற்காகப் பல வியூவர்கள் பிக்சலில் எவ்வளவு பங்கு மூடப்பட்டது என்று கணக்கிடுகின்றன. எல்லை ஒரு பிக்சலின் நடுவே போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் துண்டு அதைப் பாதி கருப்பாக்கும். இரண்டாவது துண்டு மிச்சமிருக்கும் வெண்மையில் பாதியைத்தான் மூடும். ஆக 75 சதவீதம் கருப்பு, 25 சதவீதம் பின்னணி கசிகிறது. பெரிதாக்கிப் பாருங்கள்: கோடு தடிக்காமல் அதே ஒற்றைப் பிக்சல் அகலத்தில் நின்றால், அல்லது சில அளவுகளில் மறைந்துபோனால், அது இந்தக் கசிவுதான். துண்டுகளைச் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைப்பது நடைமுறைத் தீர்வு. துண்டாக்காமல் ஒரே கிளிப்பில் வரைவது இன்னும் நல்லது.

மிக ஆபத்தான தவறு, கிளிப் செய்ததை நீக்கிவிட்டதாக எண்ணுவது. எல்லைக்கு வெளியே இருக்கும் எழுத்து கோப்பில் அப்படியே இருக்கிறது. உரையைப் பிரித்தெடுக்கும் கருவிகளில் பலவும் கிளிப்பைப் பொருட்படுத்துவதில்லை. ஓர் அடையாள அட்டையின் படத்தில் முகம் மட்டும் தெரியும்படி கிளிப் செய்து அனுப்பினால், பெறுபவர் இதைத் தட்டினால் போதும்:

```
pdfimages -all in.pdf img
```

எண், முகவரி உட்பட முழு அட்டையும் தனிப் படக் கோப்பாக வந்து விழும். மறைக்க வேண்டியது எதுவாயினும், பிடிஎஃப்பில் சேர்ப்பதற்கு முன்பே படத்தின் பிக்சல்களை வெட்டி எறிந்துவிட வேண்டும். சேர்த்த பிறகு அதே கட்டளையை நீங்களே ஒருமுறை ஓட்டி, வெளியே வரும் படம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.