ப்ராடக்ட் மேனேஜர் சான்றிதழுக்குப் பணம் கட்டுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ப்ராடக்ட் மேனேஜர் வேலைக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களில் பல வருடமாக உட்கார்ந்து வருகிறேன். ரெஸ்யூமேயில் சான்றிதழ் இருப்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் அதைப் பற்றி ஒரு கேள்விகூட வராது. பேச்சு நேராக "நீங்க என்ன ரிலீஸ் பண்ணீங்க, அதுக்கப்புறம் என்ன ஆச்சு?" என்பதற்குப் போய்விடும். டெஸ்டிங், சப்போர்ட், பிசினஸ் அனலிஸ்ட் என்று நாலைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள்தான் சான்றிதழுக்கு அதிகம் செலவழிக்கிறார்கள். இதை அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதல் தவறு, எல்லாச் சான்றிதழையும் ஒரே தட்டில் வைப்பது. ஸ்க்ரம் அலையன்ஸ் கொடுக்கும் ப்ராடக்ட் ஓனர் சான்றிதழான சி.எஸ்.பி.ஓ.வுக்குத் தேர்வே கிடையாது, அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரின் வகுப்பில் முழுதாக உட்கார்ந்தால் போதும், ஆனால் 2 வருடத்துக்கு ஒருமுறை 100 டாலர் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஸ்க்ரம் டாட் ஆர்க் நடத்தும் அதே மாதிரியான பி.எஸ்.பி.ஓ. முதல் நிலைக்கு வகுப்பு கட்டாயமில்லை, 60 நிமிடத்தில் 80 கேள்வி, 85 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி, ஒருமுறை வாங்கினால் காலாவதியாகாது. இரண்டும் ஸ்க்ரம் குழுவில் ப்ராடக்ட் ஓனர் என்ன செய்ய வேண்டும், செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாக்கை எப்படி வரிசைப்படுத்துவது என்பதைச் சுற்றித்தான் இருக்கின்றன. எந்த வாடிக்கையாளரின் எந்தப் பிரச்சினையை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்ற முடிவை நீங்கள் எடுத்திருக்கிறீர்களா என்று இந்தச் சான்றிதழ்களால் சொல்ல முடியாது. இவை தவிர, சில மாதங்கள் ஆன்லைனில் நடத்தி, லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, கடைசியில் "முடித்தார்" என்று மட்டும் போட்டுத் தரும் படிப்புகள் தனி வகை.

அதற்காக எங்கேயும் மதிப்பில்லை என்று சொல்லிவிட முடியாது. சர்வீஸ் கம்பெனிகளிலும், வெளிநாட்டு வங்கிகளின் இங்குள்ள அலுவலகங்களிலும் ப்ராடக்ட் ஓனர் என்ற பதவிக்கு ஹெச்ஆர் பட்டியலில் இந்தப் பெயர்கள் இருக்கும், க்ளையன்ட்டே "சான்றிதழ் உள்ளவர் வேண்டும்" என்று கேட்பதும் உண்டு. அந்த வேலைதான் இலக்கு என்றால் வாங்குங்கள், முடிந்தால் கம்பெனி செலவில். ப்ராடக்ட் கம்பெனியில் ப்ராடக்ட் மேனேஜர் ஆவதற்கு என்றால் கணக்கு வேறு.

இரண்டாவது தவறுதான் என்னை அதிகம் வருத்தப்பட வைப்பது. படிப்பின் முடிவில் செய்த கேப்ஸ்டோன் ப்ராஜெக்ட்டை "நான் உருவாக்கிய ப்ராடக்ட்" என்று ரெஸ்யூமேயின் உச்சியில் போடுகிறார்கள். பெரும்பாலும் அது பிரபலமான ஒரு உணவு டெலிவரி ஆப்பில் புது ஃபீச்சர் சேர்ப்பது போல இருக்கும். திரைகள் அழகாக வரைந்திருக்கும், நண்பர்களிடம் எடுத்த சர்வே இருக்கும், "ஆர்டர் 15 சதவீதம் கூடும்" என்று ஒரு எதிர்பார்ப்பும் இருக்கும். எதிரே இருப்பவர் "அந்த 15 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடும். ஏனென்றால் அங்கே நேரம் போதவில்லை என்று சொன்ன இன்ஜினியர் இல்லை, புரியாமல் பாதியில் விட்டுப்போன யூசர் இல்லை, ரிலீஸ் அன்று உடைந்தது எதுவும் இல்லை. கேப்ஸ்டோனைப் பயிற்சி என்ற தலைப்பில் கீழே போட்டால் யாருக்கும் உறுத்தாது. ப்ராடக்ட் என்று போட்டால், மீதி ரெஸ்யூமேயையும் சந்தேகத்தோடு படிப்பார்கள்.

சரி, அப்போ சொந்தமாக ஒன்று செய்து வெளியிடலாம் என்று இறங்குபவர்கள் அடுத்த தவறில் விழுகிறார்கள், ஸ்டோரில் ஏற்றிவிட்டாலே முடிந்தது என்று நினைப்பது. கூகுள் ப்ளேயில் 25 டாலர் ஒருமுறை கட்டினால் கணக்குத் திறக்கலாம். 2023 நவம்பருக்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், எல்லோருக்கும் வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். இதற்குச் சொந்தக்காரர்களையும் வாட்ஸ்அப் குழு நண்பர்களையும் பிடித்துப்போட்டு ஒப்பேற்றிவிடுகிறார்கள். அந்த 12 பேரில் நிஜமாகவே அந்தப் பிரச்சினை உள்ளவர் ஒருவர்கூட இல்லாவிட்டால், 14 நாள் கழித்துச் சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது.

ஆப்பே வேண்டும் என்பதும் இல்லை. ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். தெருவில் 60 பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கும் டீச்சர், மாதம் 10ஆம் தேதிக்குள் ஃபீஸ் வர வேண்டும், யார் கட்டவில்லை என்று நோட்டில் தேடுகிறார். ஒரு டெஸ்டர் அவருக்கு கூகுள் ஷீட்டும் ஃபார்மும் வைத்து வருகைப்பதிவு, மார்க், ஃபீஸ் மூன்றையும் செய்து கொடுக்கிறார். முதல் வாரம் டீச்சர் ஆசையாகப் பதிகிறார், மூன்றாவது வாரம் ஷீட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, வகுப்பு நடக்கும்போது அவர் போனைத் தொடுவதே இல்லை, எல்லாம் நோட்டில்தான், இரவில் இன்னொரு முறை ஏற்ற அவருக்குப் பொறுமை இல்லை. உடனே வருகைப்பதிவையும் மார்க்கையும் தூக்கிவிட்டு, பணம் கொடுத்தவர் பெயரில் ஒரு டிக் மட்டும், மீதிப் பேர் பட்டியல் 11ஆம் தேதி காலையில் தானாக வரும்படி மாற்றுகிறார். அடுத்த மாதம் 60 பேரில் 52 பேருக்கு டிக் விழுந்திருக்கிறது, மீதி 8 பெற்றோரை டீச்சர் அன்றே கூப்பிடுகிறார்.

இதில் தொழில்நுட்பம் ஒன்றுமே இல்லை, யூசர் ஒரே ஒருவர். ஆனாலும் இதை வைத்து அரைமணி நேரம் பேசலாம். ஏன் மார்க்கைத் தூக்கினீர்கள், முதல் வாரம் டீச்சர் அதையும் ஆசையாகப் பதிந்தாரே? பயன்படுத்தவில்லை என்று எத்தனையாவது நாளில் கண்டுபிடித்தீர்கள், முன்னாடியே தெரிந்திருக்க வழி இருந்ததா? இன்னும் பத்து டீச்சர்களுக்குக் கொடுத்தால் எது உடையும்? செய்து பார்த்தவரால் இதற்கெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்ல முடியும், பதிலில் தேதி இருக்கும், மனிதர் இருப்பார், எண் இருக்கும். ஃபீஸ் வேகமாக வந்ததற்கு அந்த ஷீட்தான் காரணமா, அல்லது பரீட்சை மாதம் என்பதாலா என்று அவரே சந்தேகத்தைக் கிளப்பினால் என் மதிப்பீட்டில் இன்னும் மேலே போவார்.

கடைசியாக ஒன்று, பலர் இப்போது பார்க்கும் வேலையிலேயே நிஜ ப்ராடக்ட்டைத் தொட்டிருக்கிறார்கள், அதை எழுதுவதே இல்லை. "ரெக்ரஷன் டெஸ்டிங் செய்தேன், யூசர் ஸ்டோரி எழுதினேன்" என்று கடமைப்பட்டியல் போட்டுவிட்டு அதற்கு மேலே சான்றிதழை ஒட்டுகிறார்கள். அதே ஆளிடம் துருவிக் கேட்டால், பணம் திரும்பக் கிடைக்கவில்லை என்று வரும் சப்போர்ட் டிக்கெட்களை எண்ணிப் பார்த்து, பாதி டிக்கெட் ஒரே பிழைச்செய்தியால்தான் வருகிறது என்று காட்டி, அடுத்த ரிலீஸில் அதை மாற்ற வைத்தேன் என்பார். அதுதான் முதல் வரியில் இருக்க வேண்டும்: பிரச்சினை என்ன, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எதைத் தள்ளிவைத்துவிட்டு இதை எடுத்தார்கள், ரிலீஸுக்குப் பிறகு டிக்கெட் எத்தனையிலிருந்து எத்தனைக்கு வந்தது. குழுவாகச் செய்ததை "நான்" என்று எழுதாதீர்கள், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். குழு செய்தது இது, அதில் என் முடிவு இது என்று பிரித்து எழுதுங்கள். எண் கையில் இல்லையென்றால், அந்தக் கம்பெனியை விட்டு வருவதற்குள் ரிலீஸுக்கு முன்னும் பின்னும் எத்தனை டிக்கெட் வந்தது என்று சப்போர்ட் டீமிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பெயரும் உள்விவரமும் வேண்டாம், எத்தனை சதவீதம் குறைந்தது என்பது மட்டும் போதும்.