கடைசி எபிசோடைத் தொங்கலில் விடும்போது நடக்கும் தவறுகள்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய வழக்கப்படி, ஒரு சீசனின் கடைசி எபிசோடு பிப்ரவரி, மார்ச் வாக்கில் எழுதப்படும். ஏப்ரலில் படப்பிடிப்பு முடியும். அடுத்த சீசன் உண்டா இல்லையா என்று சேனல் சொல்வதோ பெரும்பாலும் மே மாத நடுவில்தான். இது முடிவா, இடைவேளையா என்று தெரியாமலேயே எழுத்தாளர்கள் அந்த எபிசோடை எழுதுகிறார்கள்.

தெரியாதபோது ஏன் கதையைப் பாதியில் நிறுத்துகிறார்கள்? 1980 மார்ச்சில் ‘டல்லாஸ்’ தொடரில் ஜே.ஆர். யூயிங்கை யாரோ சுட்டார்கள். சுட்டவர் யார் என்பது நவம்பர் 21 அன்றுதான் தெரிந்தது. அன்று அமெரிக்காவில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். நீண்ட கோடை விடுமுறைக்குப் பிறகும் மக்களைத் திரும்ப இழுத்துவர ஒரு கேள்வி போதும் என்று எல்லாச் சேனல்களும் அன்று கற்றுக்கொண்டன. ரசிகர்கள் பதிலுக்குத் தவிக்கும்போது தொடரை நிறுத்தச் சேனலுக்கு மனம் வராது என்ற நம்பிக்கையும் எழுத்தாளர்களிடம் வேரூன்றியது.

முதல் தவறு அந்த நம்பிக்கைதான். சேனல் கணக்குப் பார்ப்பது பார்வையாளர் எண்ணிக்கையையும் தயாரிப்புச் செலவையும். கதை எங்கே நிற்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது. 2009 மே மாதம் ‘மை நேம் இஸ் எர்ல்’ தொடரின் நான்காம் சீசன், ஒரு குழந்தையின் தந்தை யார் என்ற கேள்வியோடு ‘தொடரும்’ என்று போட்டு முடிந்தது. சில நாட்களிலேயே தொடர் ரத்தானது. இப்படி முடிக்கலாமா என்று சேனலிடம் முன்பே கேட்டதாகவும், பயப்பட வேண்டாம் என்று பதில் வந்ததாகவும் அதை உருவாக்கிய கிரெக் கார்சியா பின்னாளில் சொன்னார். வாய்வார்த்தையை நம்பி முடிவை எழுதக் கூடாது. எழுத்தில் வந்த உறுதிகூடச் சில சமயம் நிற்காது. ‘க்ளோ’ தொடருக்கு நான்காம் சீசன் என்று அறிவித்து, படப்பிடிப்பையும் தொடங்கிய பிறகு, 2020 அக்டோபரில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாவது தவறுதான் ரசிகர்களை அதிகம் நோகடிப்பது: அந்த சீசன் எழுப்பிய கேள்விக்கே பதில் சொல்லாமல் விடுவது. முதல் எபிசோடிலிருந்து துரத்திய கொலைகாரன் யார் என்று சொல்லிவிட்டு, அப்புறம் கடைசி இரண்டு நிமிடத்தில் புதிதாக ஒரு கதவைத் திறந்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள். தொடர் ரத்தானாலும் கதை முழுசாக இருக்கும். அந்தக் கடைசிக் காட்சி தனியாக வெட்டி எடுக்கக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது.

இதைச் சரியாகச் செய்தவர் ‘பாபிலோன் 5’ என்ற விண்வெளித் தொடரை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி. ஐந்து ஆண்டுக் கதையை முன்கூட்டியே திட்டமிட்டவர் அவர். நான்காம் சீசன் ஓடும்போது, அதை ஒளிபரப்பிய வலையமைப்பே கலைந்துகொண்டிருந்தது. ஐந்தாம் ஆண்டு கிடைக்குமா என்று தெரியவில்லை. நாயகன் ஷெரிடன் பிடிபட்டு, ஓர் அறையில் விசாரணை என்ற பெயரில் வதைபடும் எபிசோடில் அந்த சீசனை நிறுத்துவதுதான் அவருடைய முதல் திட்டம். அதை அவர் 18ஆவது இடத்துக்கு நகர்த்தினார். மீட்பையும் உள்நாட்டுப் போரின் முடிவையும் அதற்கடுத்த மூன்று எபிசோடுகளில் கொண்டுவந்தார். இருபது ஆண்டுகள் கழித்து நடக்கும் விடைபெறும் எபிசோடையும் எடுத்து முடித்தார்.

பிறகு டி.என்.டி. சேனல் ஐந்தாம் சீசனை வாங்கியது. உடனே அந்த விடைபெறும் எபிசோடை எடுத்துவைத்துவிட்டு, நான்காம் சீசனுக்கு வேறொரு கடைசி எபிசோடு எடுத்தார்கள். எடுத்துவைத்தது 1998 நவம்பரில், தொடரின் உண்மையான முடிவாக ஒளிபரப்பானது. ஐந்தாம் சீசனில் இல்லாத இவானோவா என்ற பாத்திரம் அந்த எபிசோடில் மட்டும் வந்து நிற்பது இதனால்தான்.

இதற்கு விலையும் உண்டு. நல்ல தீனியெல்லாம் நான்காம் சீசனிலேயே செலவானதால் ஐந்தாவதின் முதல் பாதி சோர்வாக இருக்கும். அந்தத் தொடரை மிகவும் நேசிக்கும் எனக்கே அந்தப் பகுதியைத் தாண்டுவது சிரமம். ஆனாலும் அவர் செய்ததே சரி என்று நினைக்கிறேன். ஷெரிடன் அந்த அறையிலேயே கிடக்க, தொடர் அங்கேயே நின்றுபோயிருந்தால் யாரால் தாங்க முடியும்?

ஸ்ட்ரீமிங்கில் நிலைமை இன்னும் கடினம். பல தொடர்களில் எல்லா எபிசோடுகளும் முடிந்து ஒரே நாளில் வெளியாகும். மக்கள் எவ்வளவு பார்த்தார்கள் என்று தெரிந்த பிறகே பெரும்பாலும் அடுத்த சீசனை முடிவு செய்வார்கள். ஸ்ட்ராசின்ஸ்கிக்கு நடுவில் திருத்த வாய்ப்பிருந்தது, இவர்களுக்கு இல்லை. ‘தி ஓ.ஏ.’ இரண்டாம் சீசன் 2019 மார்ச்சில் பெரிய புதிரோடு முடிந்தது. ஆகஸ்டில் ரத்தானது. இங்கே எழுதுபவர்கள் முதல் எபிசோடை எழுதும் முன்பே, இதோடு நின்றுபோனால் எந்தக் கேள்விக்குப் பதில் கொடுத்திருப்போம் என்று முடிவு செய்துவிட வேண்டும்.