பேச்சில் வந்த செய்தியை அறிவிப்பாக எழுதுவது எப்படி?

குடியிருப்புச் செயலாளர் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பி, "இதை நோட்டீஸாப் போட்டுடுங்க" என்கிறார். அதை எழுத்தாக மாற்றும் செயலியில் போட்டால் கிடைப்பது இது:

> எல்லாருக்கும் வணக்கம் அது வந்து நாளன்னிக்கு மேல் தொட்டி கழுவுறோம் காலைல எட்டு மணிக்கு இல்ல இல்ல ஒம்பது மணிக்கு ஆளுங்க வராங்க அதனால ஒம்பதுலருந்து 12 மணி வரைக்கும் தண்ணி வராது முன்னாடியே புடிச்சு வச்சுக்கோங்க அப்புறம் தண்ணி விட்டதும் மொதல்ல கொஞ்ச நேரம் கலங்களா வரும் அத குடிக்காதீங்க சரிங்களா பி பிளாக்ல மட்டும் தண்ணி வரும் அவங்களுக்கு தனி தொட்டி

முதல் படி: காதால் சரிபாருங்கள்

எழுத்தைத் தொடும் முன் ஒலியை ஒருமுறை கேளுங்கள். செயலியின் பிழைகளில் எழுத்துப்பிழை ஆபத்தில்லாத வகை. 'கலங்களா' என்று இருந்தால் 'கலங்கலா' என்று நமக்கே புரிந்துவிடும். ஆபத்தானது, சரியாகத் தோன்றும் பிழை. மேலே உள்ள '12 மணி'யைப் பாருங்கள். ஒலியில் அவர் சொன்னது "ஒரு ரெண்டு மணி வரைக்கும்". 'ஒரு' என்பதை 1 என்றும் 'ரெண்டு' என்பதை 2 என்றும் எடுத்துச் செயலி ஒட்டிவிட்டது. படிப்பவர் சந்தேகப்பட வழியே இல்லை. ஆனால் இரண்டு மணி நேரம் தண்ணீரில்லாமல் தவிப்பார். எண், நாள், பெயர் மூன்றையும் காதால் கேட்டுத்தான் நம்ப வேண்டும்.

இரண்டாம் படி: பேசியவர் மாற்றிக்கொண்டதைக் கண்டுபிடியுங்கள்

பேசும்போது தவறைத் திருத்த அழிப்பான் கிடையாது. "இல்ல இல்ல", "அதாவது", "சாரி" என்று சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்வோம். எனவே அந்தச் சொற்களை வெறும் இழுவை என்று முதலிலேயே நீக்கிவிடாதீர்கள். அவைதான் எட்டு தள்ளுபடி, ஒன்பதே சரி என்று காட்டுகின்றன. பின்னால் "ஒம்பதுலருந்து" என்று வருவதும் அதை உறுதி செய்கிறது. இது முடிந்தபின் 'அது வந்து', 'சரிங்களா' எல்லாம் தாராளமாகப் போகலாம்.

'ஒரு ரெண்டு மணி'யில் உள்ள 'ஒரு' மட்டும் போகக் கூடாது. அது 'சுமார்' என்ற பொருளில் வந்தது. அதை விட்டால், 2 மணிக்கு டாணென்று தண்ணீர் வரும் என்று நாமே வாக்குக் கொடுத்ததாகிவிடும்.

மூன்றாம் படி: நாளைத் தேதியாக்குங்கள்

'நாளன்னிக்கு' என்பது பேசிய நாளிலிருந்து எண்ணுவது. நோட்டீஸைப் படிப்பவருக்கு அது என்றைக்கென்று தெரியாது. செய்தி வந்த நாளைப் பாருங்கள்: 10.03.2026, செவ்வாய். அப்படியானால் 12.03.2026, வியாழக்கிழமை. தேதியும் கிழமையும் சேர்ந்தே இருக்கட்டும். ஒன்று தவறினால் மற்றது காட்டிக்கொடுக்கும்.

நான்காம் படி: வரிசையை மாற்றுங்கள்

பேசியவருக்கு பி பிளாக் கடைசியில்தான் நினைவுக்கு வந்தது. அதே வரிசையில் எழுதினால், அங்கே இருப்பவர்கள் பாதியிலேயே படிப்பதை நிறுத்திக் குடம் குடமாக நிரப்பி வைப்பார்கள். விதிவிலக்கு, விதி இருக்கும் வாக்கியத்திலேயே வர வேண்டும்.

ஐந்தாம் படி: எழுத்து நடைக்கு மாற்றுங்கள்

வினைகளை முதலில் மாற்றுங்கள்: 'வச்சுக்கோங்க' என்பது 'வைத்துக்கொள்ளுங்கள்' ஆகும். 'வைத்துக்கொள்ளவும்' என்றும் எழுதலாம். ஆனால் ஒரே நோட்டீஸில் இரண்டையும் கலக்காதீர்கள். 'குடிக்காதீங்க' என்பதற்கு 'குடிக்க வேண்டாம்' போதும். 'அருந்துதல் தவிர்க்கப்படல் வேண்டும்' என்றெல்லாம் போனால், குழாயடியில் நின்று படிப்பவருக்கு எரிச்சல்தான் வரும். 'தண்ணீர்' நல்ல எழுத்துத் தமிழ்தான். அதை 'நீர்' ஆக்கத் தேவையில்லை.

ஒற்றுப் பிழையைக் கடைசியில் பாருங்கள். பேச்சை எழுத்தாக்கும்போது க், ச், த், ப் அடிக்கடி விடுபடும். 'அத குடிக்காதீங்க' என்பது 'அதைக் குடிக்க' ஆகும்போது நடுவில் 'க்' சேர்கிறது. 'தனி தொட்டி', 'தனித் தொட்டி' ஆகிறது.

இப்போது கிடைப்பது:

> அறிவிப்பு: மேல் தொட்டி கழுவுதல்
>
> 12.03.2026, வியாழக்கிழமை மேல் தொட்டியைக் கழுவுகிறோம். அன்று காலை 9 மணி முதல் பிற்பகல் சுமார் 2 மணி வரை, பி பிளாக் தவிர மற்ற வீடுகளுக்குத் தண்ணீர் வராது. தேவையான தண்ணீரை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.
>
> மீண்டும் தண்ணீர் விட்டதும் முதலில் சிறிது நேரம் கலங்கலாக வரும். அதைக் குடிக்க வேண்டாம்.
>
> பி பிளாக்கிற்குத் தனித் தொட்டி இருப்பதால் அங்கு வழக்கம்போல் தண்ணீர் வரும்.
>
> – செயலாளர்

ஒட்டும் முன் இதைச் செயலாளருக்கு அனுப்புங்கள். "சரியா இருக்கா?" என்று கேட்டால் படிக்காமலே "சரி" என்பார். "பிற்பகல் 2 மணிதானே? பி பிளாக் மட்டும்தானே?" என்று குறிப்பாகக் கேளுங்கள்.